40 வீட்டைக் குலுக்கி எடுக்க வேண்டாம், 400 வீட்டையும் எண்ணுவோம்: பழைய வீடுகள் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பழைய வீடுகள் பராமரிப்புக் குழுவில் ஓடியாடி வேலை பார்க்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் கோயில் மண்டபத்தில் நீங்கள் வாசித்த திட்டத்தை நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். நம் ஊரில் ஏறக்குறைய 400 பழைய வீடு இருக்கிறது. அத்தனையையும் பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் வீட்டுவரிப் பதிவேட்டிலிருந்து 40 வீட்டைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அந்த 40-ல் எத்தனை பூட்டிக் கிடக்கிறது, எத்தனை ஒழுகுகிறது, எத்தனை இடிந்து விழும் நிலையில் இருக்கிறது என்று பார்த்து, வந்ததைப் பத்தால் பெருக்கினால் ஊர்க்கணக்கு கிடைத்துவிடும் என்றீர்கள். அந்தக் கணக்கை வைத்து நிதி திரட்டி, மழைக்கு முன்னால் கூரை வேலையைத் தொடங்குவது என்பது முடிவு.

நோக்கம் ரொம்ப நல்லது. உங்கள் வயதில் இதைச் செய்ய எங்களுக்குத் தோன்றவில்லையே என்று வருத்தம்கூட வந்தது. ஆனால் வழி சரியில்லை. அன்றைக்கே எழுந்து சொல்லியிருப்பேன். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது கணக்கைப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். புள்ளியியல் ஆய்வாளராக வயலிலும் வரப்பிலும் பல வருஷம் அலைந்தவள் நான். மாதிரி ஆய்வு என்னும் சாம்பிள் சர்வே எனக்குச் சோறு போட்ட தொழில். அதைக் குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. நம் ஊர் வேலைக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

முதலில் 40 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு என்றால் தாராளம் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தோன்றியது. பத்தில் ஒரு பங்கு என்பது இதில் முக்கியமே இல்லை. எத்தனை வீடு பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். பூட்டிக் கிடக்கும் வீடு உண்மையில் 100-க்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 400-ல் 120. ஒழுங்காகக் குலுக்கி எடுத்த 40 வீட்டிலிருந்து வரும் விடை இதைவிட எவ்வளவு விலகலாம்? 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொன்னால், மேலும் கீழும் 13 புள்ளிக்குமேல் விலகலாம். வீட்டுக் கணக்கில் சொன்னால் 66 என்றும் வரலாம், 174 என்றும் வரலாம். குலுக்கியவர் செய்த தப்பு எதுவும் இல்லாமலே இந்த இடைவெளி. 66 வீட்டுக்கு ஓடு வாங்குவதற்கும் 174 வீட்டுக்கு வாங்குவதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும்.

சரி, கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் போகிறது என்பீர்கள். எவ்வளவு கூடுதல் என்று பார்க்கலாம். விகிதம் எப்படி இருந்தாலும் மேலும் கீழும் 5 புள்ளிக்குள் விடை நிற்க வேண்டும் என்றால், 4 லட்சம் வீடு உள்ள நகரத்துக்கு 384 வீடு பார்த்தால் போதும். அங்கே மாதிரி ஆய்வு ஒரு வரப்பிரசாதம். ஆயிரத்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு ஊரையே சொல்லிவிடலாம். அதே துல்லியம் 400 வீடு உள்ள நம் ஊருக்கு வேண்டும் என்றால் 197 வீடு பார்க்க வேண்டும். ஊரில் பாதி! 3 புள்ளிக்குள் நிற்க வேண்டும் என்றால் 292 வீடு. 292 வீட்டுக்குப் போனவன் மிச்சம் 108-ஐ மட்டும் ஏன் விட்டுவிட்டு வரவேண்டும்? மொத்தத் தொகை சிறியதாக இருக்கும் இடத்தில் மாதிரி ஆய்வின் லாபம் கரைந்துவிடும்.

இன்னொரு கணக்கு. என் மனதை உறுத்துவது இதுதான். தெருப்பக்கச் சுவர் சாய்ந்து, கீழே பிள்ளைகள் நடந்து போகும்போது விழக்கூடிய வீடு நம் ஊரில் 6 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுக்கும் 40-ல் அந்த 6-ல் ஒன்றுகூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? முதல் வீடு தப்ப 400-க்கு 360, அடுத்தது தப்ப 399-க்கு 359, இப்படி ஆறையும் பெருக்க வேண்டும்:

360/400 × 359/399 × 358/398 × 357/397 × 356/396 × 355/395 = 0.53

பாதிக்கு மேல். அதாவது நாணயத்தைச் சுண்டிப் போட்ட மாதிரிதான். குழு அறிக்கையில் "ஆபத்தான வீடு எதுவும் இல்லை" என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஒன்று மாட்டினால் பத்தால் பெருக்கி 10 என்று வரும், இரண்டு மாட்டினால் 20 என்று வரும். உண்மையான 6 என்ற விடை இந்த முறையில் வரவே வழியில்லை. சரி, 10 என்றே வந்ததாக இருக்கட்டும். எந்தப் பத்து? ஒன்றின் விலாசம்தான் உங்கள் கையில் இருக்கும். மிச்சத்தைத் தேடி மறுபடியும் எல்லாத் தெருவும் நடக்கத்தான் வேண்டும்.

நம் முன்னோர் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். நம் நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு எப்படி எழுதுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இளையாத்தங்குடியோ மாத்தூரோ வயிரவன்பட்டியோ, ஒன்பது கோயிலில் எதுவானாலும், கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வருகிறது. அந்தப் புதுக் குடும்பம் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறது. அந்தப் புள்ளிக்கு வரியும் உண்டு, உரிமையும் உண்டு. பத்தில் ஒரு புள்ளியை எடுத்து மிச்சத்தை ஊகித்துக்கொள்வோம் என்று எந்தக் காரியக்காரராவது சொல்லியிருப்பாரா? தன் பிள்ளையின் புள்ளி விட்டுப்போனது என்று தெரிந்தால் எந்த அப்பச்சியாவது சும்மா இருப்பாரா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக ஒன்று செய்ய வேண்டும், அல்லது ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாக ஒன்று வாங்க வேண்டும் என்றால் எல்லோரையும் எண்ணித்தான் ஆகவேண்டும். மொத்தம் எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிற இடத்தில்தான் மாதிரிக்கு வேலை. நீங்கள் கூரை மாற்றப் போவது ஊரின் சராசரி வீட்டுக்கு இல்லையே.

அரசாங்கமும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. 2023-ல் வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏரி, குளம், ஊருணிகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள். எந்தக் குளம் ஆக்கிரமிப்பில் இருக்கிறது, எதில் தண்ணீர் நிற்கிறது என்பது குளத்துக்குக் குளம் தெரிந்தால்தான் பயன். என் தொழிலிலேயே இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். அது முழுக் கணக்கு. ஆனால் விளைச்சலை அப்படி எடுக்க முடியாது. குலுக்கி எடுத்த வயலில் போய், 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து குச்சி நட்டு, கயிறு கட்டி, அதற்குள் உள்ள நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டுக் கணக்கிடுவோம். பரப்பு முழுசாக, விளைச்சல் மாதிரியாக. ஒரே பயிருக்கு இரண்டு முறை. எது நடந்து போய்ப் பார்த்தாலே தெரியுமோ அதை முழுசாக எடுப்பது, எது ஒவ்வொன்றுக்கும் அரைநாள் பிடிக்குமோ அதை மாதிரியாக எடுப்பது. இந்த ஒரு பாடத்தை நம் வீடுகளுக்கும் பொருத்தலாம் என்றுதான் கேட்கிறேன்.

இனி, செலவு. முழுக் கணக்கெடுப்பு என்றால் பத்து மடங்கு செலவு என்று தம்பி ஒருவர் சொன்னார். அது எப்படி என்று கேட்டால், 40-க்குப் பதில் 400 என்றார். அப்படி ஆகாது. 40-ஐக் குலுக்கி எடுக்க முதலில் 400-க்கும் சீட்டு எழுத வேண்டுமே! அந்தச் சீட்டு எழுத ஊரில் உள்ள வீடுகளின் சரியான பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் நம்மிடம் இல்லை.

வீட்டுவரிப் பதிவேடு இருக்கிறதே என்பீர்கள். அது வீட்டுப் பட்டியல் இல்லை, வரி எண்ணின் பட்டியல். நம் வீடுகள் எப்படி இருக்கின்றன? ஐயா காலத்தில் ஒரே வீடு. பிறகு பங்கு பிரிந்தது. முகப்பும் வளவும் பொது, இரட்டை அறைகள் ஆளுக்கொன்று, பின்கட்டு ஒருத்தருக்கு, அடுப்படி இன்னொருத்தருக்கு. சில வீட்டில் பங்காளிகள் ஆளுக்கொரு வரி எண் வாங்கியிருக்கிறார்கள். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 400 வீட்டில் 80 வீட்டுக்கு மும்மூன்று வரி எண், மற்ற 320-க்கு ஒவ்வொன்று என்றால், பதிவேட்டில் 560 வரி இருக்கும். அதில் 240 வரி அந்த 80 வீட்டுடையது. ஊரில் 100-க்கு 20-ஆக இருக்கும் பங்கு வீடுகள் பதிவேட்டில் 100-க்கு 43-ஆக ஆகிவிடுகின்றன. குலுக்கும்போது ஒவ்வொரு பங்கு வீட்டுக்கும் மற்ற வீட்டைப்போல ஏறக்குறைய மும்மடங்கு வாய்ப்பு. எந்த வீடு அதிகம் பூட்டிக் கிடக்கிறது? யார் ஓடு மாற்றுவது என்று தீராமல் எந்த வீடு அதிகம் ஒழுகுகிறது? அதே பங்கு வீடுகள்தான். அதனால் உங்கள் விடை ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இந்தச் சாய்வு 40-ஐ 80 ஆக்கினாலும் போகாது, 200 ஆக்கினாலும் போகாது. பட்டியலிலேயே உள்ள கோணல் அது.

ஆகவே சரியான பட்டியலுக்காக எப்படியும் எல்லாத் தெருவையும் ஒருமுறை நடந்தாக வேண்டும். இரண்டு பேர் ஒரு குழு, ஒரு நாளைக்கு 40 வீடு என்று வைத்தாலும் 10 நாள். இந்த 10 நாள் இரண்டு முறைக்கும் பொது. வாசலில் நிற்கும்போதே 12 கேள்விக்கு விடை எழுதிக்கொண்டால் வீட்டுக்கு இன்னும் 15 நிமிடம். மாதிரியில் வராத 360 வீட்டுக்கும் சேர்த்து 90 மணி நேரம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வேலை என்றால் ஒரு குழுவுக்கு 15 நாள், இரண்டு குழு என்றால் 8 நாளுக்குள் முடிந்துவிடும். முழுக் கணக்கெடுப்பால் வரும் கூடுதல் செலவு இதுதான்: இரண்டு குழுவின் ஒரு வாரத்துச் சம்பளமும் காப்பியும்.

மண்டபத்தில் இன்னொரு வாதம் வந்தது. உலகம் பூராவும் இப்போது சாம்பிள்தான், முழுக் கணக்கெடுப்பில்தான் தப்பு அதிகம் வரும் என்று படித்த பிள்ளை ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பைப் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ், மாதிரி முறையில் எடுத்துக் காட்டினார். லட்சக்கணக்கான நிலத்துண்டுகளை எண்ணப் பெரும் கூட்டத்தை அவசரமாக வேலைக்கு வைத்தால், பாதிப்பேர் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். நன்றாகப் பழக்கிய சிலரை வைத்துக் கொஞ்சம் இடத்தை மட்டும் கவனமாகப் பார்த்தால் அதைவிட நல்ல விடை வரும். நம் நாட்டு மாதிரி ஆய்வுகள் எல்லாம் அந்த அடித்தளத்தில் எழுந்தவைதான். ஆனால் அந்த வாதத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எண்ண வேண்டியது ரொம்பப் பெரிது, அதனால் பழகாத ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள், அதனால் தப்பு பெருகுகிறது. நம் ஊரில் 40 வீட்டைப் பார்க்கப்போகும் அதே நாலு பேர்தான் 400-ஐயும் பார்க்கப் போகிறார்கள். ஆள் மாறவில்லை, பழக்கம் மாறவில்லை. அப்படியிருக்க அந்த வாதம் இங்கே ஒட்டாது.

அதற்காக முழுக் கணக்கெடுப்பில் தப்பே வராது என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் வரக்கூடிய பெரிய தப்பு எது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது எங்கள் வீட்டிலேயே நடந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் வயது. ஏதோ ஒரு கணக்குக்காக வந்தவர்கள் மேலத்தெருவில் எங்கள் முகப்பில் நின்று அப்பச்சியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் அடுத்த தெரு. எங்கள் வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு போய்ப் பின்வாசல் அந்தத் தெருவில்தான் திறக்கும். அங்கே அப்பத்தா உட்கார்ந்து வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தது. அதனிடம் கேட்டு அதையும் ஒரு வீடாக எழுதிவிட்டார்கள். அப்பச்சி வீட்டுக்கு வந்ததும் சொல்லிச் சொல்லி விசாரித்தார், எழுதியது எழுதியதுதான். ஒரு வீடு இரண்டு வீடு ஆனது. தெருவுக்குத் தெரு நீளும் நம் வீடுகளில் இது எத்தனை நடந்திருக்கும்!

அதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டை எண்ணுவதற்கு முன்னால் கதவை எண்ண வேண்டும். ஒரு தெருக்கட்டத்தை எடுத்துக்கொண்டு, வலதுகைப் பக்கம் சுவர் இருக்கும்படி சுற்றி வரவேண்டும், கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி. தெருவைப் பார்த்த ஒவ்வொரு கதவுக்கும், பெரியதோ சிறியதோ, திறந்ததோ அடைத்ததோ, சுண்ணாம்புக்கட்டியால் ஓர் எண். தாளிலும் அதே எண். சுற்றி முடித்த பிறகு உட்கார்ந்து எந்தப் பின்கதவு எந்த முகப்புக்குச் சொந்தம் என்று ஜோடி சேர்க்க வேண்டும். முகப்பு எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவில் வீடு ஒருமுறை எண்ணப்படும், பின்கதவு அந்த வீட்டோடு கட்டிவைக்கப்படும். ஜோடி சேராத கதவு மிச்சம் இருந்தால் அங்கே ஏதோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம், திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பங்கு எத்தனை இருந்தாலும் வளவு ஒன்று என்றால் வீடு ஒன்று. பங்குகளை அந்த வீட்டுத் தாளுக்குள்ளேயே தனித்தனி வரியாக எழுதலாம். இந்த விதிகளை நடக்கத் தொடங்கும் முன்பே எழுதி நாலு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நின்றுகொண்டு முடிவு செய்தால் ஆளுக்கொரு விதி ஆகிவிடும்.

நாளும் ஒன்று குறிக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போனது பிப்ரவரி 9 முதல் 28 வரை. ஆனால் கணக்கு மார்ச் 1 பிறக்கும் நேரத்து நிலவரத்துக்கு. அதேபோல நாமும் ஒரு தேதி வைத்து, அன்றைக்குப் பூட்டா திறப்பா, அன்றைக்கு ஓடு இருந்ததா இல்லையா என்று எழுதினால்தான் முதல் தெருவும் கடைசித் தெருவும் ஒரே கணக்காகும்.

பூட்டிய வீட்டை என்ன செய்வது? மாதிரி ஆய்வு நம் ஊரில் கவிழ்வது இங்கேதான். குலுக்கலில் விழுந்த வீட்டுக்குப் போகிறீர்கள், பூட்டு. வெயில் வேறு. பக்கத்து வீடு திறந்திருக்கிறது, ஆச்சி மோர் கொடுக்கிறது. சரி, இதையே எழுதிக்கொள்வோம் என்று தோன்றும். யாரையும் குற்றம் சொல்லவில்லை, நானும் புதிதில் செய்ய நினைத்திருக்கிறேன். ஆனால் பூட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும் பதில் திறந்த வீட்டை எழுதினால், பூட்டிய வீட்டை எண்ணப் போன கணக்கில் பூட்டிய வீடே இருக்காது. முழுக் கணக்கெடுப்பில் மாற்றிக்கொள்ள வேறு வீடு கிடையாது. அந்த வரி காலியாகவே நிற்கும், நிரப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்து எழுதக்கூடியதை அன்றே எழுதிவிட்டு, மற்றதைச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போன் போட்டுக் கேட்கலாம். அதிலும் கிடைக்காவிட்டால் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடும்போது வளவில் உட்காரவைத்து ஒரே மூச்சில் வாங்கிவிடலாம். அப்போது பங்குக் கணக்கும் எல்லோர் முன்னிலையிலும் சரியாக வரும்.

எண்ணி முடித்தபின் மாதிரிக்கு வேலை வருகிறது, அதுவும் இரண்டு இடத்தில். ஒன்று, சரிபார்ப்பு. ஊரை ஐந்தாறு வீட்டு முகப்பு கொண்ட சின்னத் தெருத்துண்டுகளாகப் பிரித்து, அதில் ஐந்தைக் குலுக்கி எடுத்து, முதலில் போகாத ஆளை அனுப்பி, முதல் தாளைக் காட்டாமல் மறுபடி எண்ணச் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது சரிபார்ப்பு ஆகாது, விட்டுப்போன வீடு பட்டியலில் இருக்காதே. இரண்டு தாளையும் ஒப்பிட்டால் எத்தனை வீடு விட்டுப்போனது, எத்தனை இரண்டுமுறை வந்தது என்று தெரிந்துவிடும். 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு இப்படித்தான் மாதிரி முறையில் மறுபடி போய்ப் பார்த்தார்கள். 1000 பேருக்கு 23 பேர் நிகரமாக விட்டுப்போனது அதில்தான் தெரிந்தது. முழுக் கணக்கின் தப்பை அளக்க மாதிரிதான் வேண்டும்.

இரண்டாவது இடம் மரம். உத்தரமும் தூணும் உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. தச்சர் வந்து தட்டிப் பார்க்க வேண்டும், சில இடத்தில் சிறு துளை போட வேண்டும், ஒரு வீட்டுக்கு அரைநாளாவது ஆகும். 400 வீட்டிலும் துளை போடுவது செலவு மட்டுமில்லை, பாவமும்கூட. பட்டியல் கையில் இருப்பதால் ஒழுகும் வீடு, ஒழுகாத வீடு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் 15 வீடு குலுக்கி எடுத்தால் மரச்செலவு எந்த அளவில் இருக்கும் என்று ஊகிக்க உதவும். 30 வீட்டுக் கணக்கு என்பதால் அதைத் தோராயமாகத்தான் சொல்ல வேண்டும்.

ஒழுகல் மட்டும் எந்தக் காரணத்தாலும் மாதிரியில் விடக்கூடாது. எங்கள் வளவின் வடகிழக்கு மூலையில் நாட்டு ஓடு நாலைந்து நழுவியிருந்தது. வீடு பூட்டியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. முதல் ஐப்பசியில் தண்ணீர் சட்டத்தில் இறங்கியது. அடுத்த கார்த்திகையில் கைமரம் கறுத்து, தூணின் தலைப்பில் செல் ஏறியது. மூன்றாம் வருஷம் நான் போய்க் கதவைத் திறந்தபோது வளவில் வானம் தெரிந்தது. கீழே ஆத்தங்குடிக் கல்லின்மேல் பாசியும் ஓட்டுச் சில்லும் கிடந்தன. அப்பச்சி தொட்டுத் தொட்டுத் துடைத்த பர்மாத் தேக்குத் தூண் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. முதல் வருஷம் ஒருத்தர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து "வடகிழக்கில் ஓடு இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால், கையால் எடுத்து வைக்கிற வேலை அது. 40-ல் எங்கள் வீடு வராமல் போயிருந்தால் அந்த ஒரு வரி எங்கேயும் இருந்திருக்காது.

ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுக் கணக்கெடுப்பு முடிந்தால் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எதில் என்ன மரம் இருக்கிறது, சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்ற விவரம் ஒரே நோட்டில் வந்துவிடும். களவாட நினைப்பவனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. செதுக்கிய நிலையும் கதவும் ராத்திரியோடு ராத்திரியாகப் போன கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் வீட்டுப் பெயரோடு உள்ள தாளை இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். வாட்ஸப்பில் போட வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். மண்டபத்தில் வாசிப்பது தெருவாரி மொத்தத் தொகை மட்டும். கதவில் எழுதும் சுண்ணாம்பு எண்ணிலும் பூட்டு, திறப்பு என்ற அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் அந்த எண்ணையும் துடைத்துவிட வேண்டும். கேள்வி 12-க்கு மேல் போகக்கூடாது; நகை, வருமானம், வழக்கு எதுவும் கேட்க வேண்டாம். கேட்டால் அடுத்த வீட்டில் கதவு திறக்காது.

குழு மறுபடி கூடும்போது குலுக்கல் தீர்மானத்தை நிறுத்திவைத்து, இதைப் பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆவணி பிறந்ததும் நடக்கத் தொடங்கினால் புரட்டாசிக்குள் பட்டியல் கையில் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டு வேலைக்கு ஆள் விடலாம். கதவுத்தாளும் வீட்டுத்தாளும் நானே வரைந்து வைத்திருக்கிறேன், வந்தால் தருகிறேன். ஒருநாள் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு முழங்கால் வலி இருப்பதால் ஊர் முழுக்க நடக்க முடியாது. மேலத்தெருவும் அதன் பின்தெருவும் மட்டும் என் பொறுப்பில் விடுங்கள், காலையில் வெயில் ஏறுமுன் எங்கள் முகப்பிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மேலத்தெரு ஆச்சி
(ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆய்வாளர்)